சிபாரிசு இல்லாத பட்டதாரி வேலையை விசாரிப்பது எப்படி?

வீட்டில் முதன்முதலாகப் பட்டம் படிக்கும் பிள்ளைக்கு, முதல் தலைமுறைப் பட்டதாரி என்று வருவாய்த் துறை ஒரு சான்றிதழ் தருகிறது. கலந்தாய்வு மூலம் தொழிற்கல்வியில் சேர்பவர்களுக்கு 2010 முதல் அது கல்விக் கட்டணத்தில் உதவுகிறது. ஆனால் பட்டம் கையில் வந்த மறுநாள் அந்தச் சான்றிதழால் பயன் இல்லை. 'வீட்டில் முதலில் படித்தவர்' என்பதற்கு அப்போதுதான் இன்னொரு பொருள் தெரிகிறது. அலுவலக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவரைக்கூட அந்த வீட்டுக்குத் தெரியாது.

தெரிந்தவர்கள் இருந்தால் சிபாரிசு கிடைக்கும் என்று மட்டும் நாம் நினைக்கிறோம். சிபாரிசுக்கு வெகு முன்னாலேயே அவர்கள் வேறு மூன்றைத் தந்துவிடுகிறார்கள். இப்படி ஒரு வேலை இருக்கிறது என்ற பெயர் முதலாவது. அந்த வேலையில் காலை முதல் மாலை வரை என்ன நடக்கும் என்ற விவரம் இரண்டாவது. சில மாதம் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வர ஓர் இடம் மூன்றாவது. வங்கி மேலாளரின் மகன் இந்த மூன்றையும் சாப்பாட்டு நேரத்திலேயே கேட்டு வளர்கிறான். சிபாரிசை நாம் உருவாக்க முடியாது. இந்த மூன்றையும் தேடிப் பெற முடியும். எப்படி என்பதை ஒரு பெண்ணை வைத்துப் பார்ப்போம்.

சோளிங்கர் பக்கத்துக் காலனி ஒன்றில் இருந்து அரசு கலைக் கல்லூரிக்குப் போய் பி.எஸ்சி. வேதியியலை 64 சதவீதத்தில் முடித்தவர் என்று வைத்துக்கொள்வோம். அப்பா ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். அத்தை மகன் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலைக் கேட்டில் செக்யூரிட்டி. பட்டம் முடித்ததும் ஊரே இவருக்கு இரண்டு பதில்தான் சொல்லும். ஒன்று, பி.எட். சேரு. இன்னொன்று, குரூப் 4 எழுது.

குரூப் 4 என்று சொல்வதை அறியாமை என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தத் தேர்வில் நேர்முகத் தேர்வு கிடையாது. விடைத்தாள் நம் தெருப் பெயரைக் கேட்காது, அப்பாவின் தொழிலைக் கேட்காது. இட ஒதுக்கீடும் உண்டு, தனியார் துறையில் அது இல்லை. நம் வீடுகள் அனுபவத்தால் தேர்ந்தெடுத்த பாதை அது. சிக்கல் என்னவென்றால், மூன்று நான்கு ஆண்டுகள் அதை மட்டும் நம்பிக் காத்திருக்கும்போது, பட்டம் படித்த பாடத்தில் வேறு என்ன வேலை இருக்கிறது என்பதே தெரியாமல் வயது ஏறிவிடுகிறது. தேர்வுக்குப் படித்துக்கொண்டே விசாரிப்பையும் நடத்தலாம். அதற்கு இரண்டு மாதங்களில் வாரம் ஐந்தாறு மணி நேரம் போதும்.

முதல் வேலை, பெயர்களைச் சேர்ப்பது. அதற்கு நமக்குத் தெரியாமலே ஒரு நல்ல ஆவணம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 'நாக்' தர மதிப்பீட்டுக்குப் போன கல்லூரிகள் தங்கள் மாணவர்கள் எங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள் என்ற பட்டியலைக் கொடுத்தாக வேண்டும். 2017-க்குப் பிறகு வந்த மதிப்பீட்டு முறையில் இது 5.2.1 என்ற எண்ணில் வரும். மாணவர் பெயர், படித்த பாடம், வேலை கொடுத்த நிறுவனம், சேரும்போது சம்பளம் ஆகியவை அதன் கட்டங்கள். பல கல்லூரிகள் இதைத் தங்கள் இணையதளத்தில் நாக் பக்கத்திலேயே ஏற்றி வைத்திருக்கின்றன. இல்லாவிட்டால் கல்லூரியின் தர உறுதிப் பிரிவு ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

நம் பெண் தன் கல்லூரிப் பட்டியலோடு நிறுத்தாமல், வேலூர், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கத்தில் வேதியியல் துறை இருக்கும் ஐந்தாறு கல்லூரிகளின் பட்டியலையும் பார்க்கட்டும். 'வேதியியல்' என்ற வரிகளை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தால், தன்னைப் போன்ற மதிப்பெண்ணோடு, தன்னைப் போன்ற ஊரிலிருந்து வந்தவர்கள் உண்மையில் எங்கே நுழைந்திருக்கிறார்கள் என்று தெரியும். வேலைவாய்ப்பு விளம்பரம் இனிமேல் நடக்கப்போவதைச் சொல்கிறது. இந்தப் பட்டியல் ஏற்கெனவே நடந்ததைச் சொல்கிறது. அதனால்தான் இதை முதலில் பார்க்கச் சொல்கிறோம்.

இதோடு அரசு அறிவிப்புகளைத் தலைகீழாகப் படிக்க வேண்டும். பதவியின் பெயரைப் பார்க்காமல் கல்வித் தகுதி என்ற பத்தியில் 'வேதியியல்' வருகிறதா என்று தேடுவது. மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் உள்ள தன்னார்வப் பயிலும் வட்டத்தில் பழைய அறிவிப்புகளைக் கேட்டுப் பார்க்கலாம். அப்படித் தேடும்போதுதான், கல்பாக்கம் போன்ற அணுசக்தித் துறை நிறுவனங்கள் உதவித்தொகையோடு எடுக்கும் பயிற்சியாளர் பணிக்கு பி.எஸ்சி. வேதியியலில் 60 சதவீதம் கேட்கிறார்கள் என்பது கண்ணில் படும். கிண்டி சிப்பெட்டில் பிளாஸ்டிக் பதப்படுத்துதல், சோதனை பற்றிய முதுநிலைப் பட்டயப் படிப்புக்கு வேதியியல் படித்த பி.எஸ்சி. பட்டதாரி சேரலாம் என்பதும் தெரியும். இரண்டு வாரத்தில் பதினைந்து இருபது வேலைப் பெயர்கள் நோட்டில் இருக்கும். பி.எட்., குரூப் 4 என்ற இரண்டு வரி அப்படி நீளும்.

இரண்டாவது வேலை, ஆட்களிடம் பேசுவது. நமக்கு யாரையும் தெரியாதே என்ற கேள்வி இங்கேதான் வரும். மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், பாஸ்டன் பக்கத்து நகரம் ஒன்றில் வேலை மாறியவர்களிடம் விசாரித்து 1974-இல் ஒரு நூல் வெளியிட்டார். பாதிக்கு மேற்பட்டோர் தெரிந்தவர் மூலம்தான் வேலையைக் கண்டிருந்தார்கள். ஆனால் அப்படி வேலை கண்டவர்களில் ஆறில் ஒரு பங்கினர் மட்டுமே அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்திப்பவர்கள். மற்ற எல்லோருக்கும் எப்போதாவது பார்க்கிற, அரைகுறையாகத் தெரிந்த ஆள்தான் தகவல் தந்திருக்கிறார். காரணம் எளிது. நம்மோடு நெருங்கிப் பழகுபவருக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும். தூரத்துப் பழக்கம்தான் புதுச் செய்தி கொண்டு வரும். அந்த ஆய்வு வேறு நாட்டுக்கானது. அதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, மாமா முறை உள்ள அதிகாரி இல்லை என்பதால் எல்லாம் முடிந்துவிடவில்லை என்பதைத்தான்.

நம் வீடுகளுக்குத் தொடர்பே இல்லை என்று சொல்வதும் முழு உண்மை இல்லை. நம் தொடர்புகள் கேட்டிலும் யார்டிலும் வார்டிலும் இருக்கின்றன, அலுவலக அறையில் இல்லை, அவ்வளவுதான். செக்யூரிட்டி வேலை பார்க்கும் அத்தை மகனுக்கு அந்தத் தொழிற்சாலையில் லேப் இருக்கிறதா, அதில் எத்தனை பேர், பெண்கள் எந்த ஷிப்டில் வந்து போகிறார்கள் என்பது தெரியும். பக்கத்துத் தொழிற்சாலையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை லேப் ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள் என்பதும் தெரியும். கம்பெனி இணையதளத்தில் கிடைக்காத தகவல் இது. அப்பாவிடம் கேட்டால் கழிவுநீர் மாதிரி எடுக்க வருபவர் யார், எந்தக் கிழமை வருகிறார் என்று சொல்லிவிடுவார்.

இந்தத் தொடர்பை விவரம் கேட்க மட்டும் பயன்படுத்துவது நல்லது. அப்பாவோ அத்தை மகனோ மேனேஜரிடம் போய்ப் பரிந்து பேசினால், பெண்ணின் பட்டம் பின்னுக்குப் போய், 'நம்ம யார்டு ஆளோட பொண்ணு' என்பது முன்னுக்கு வந்துவிடும் ஆபத்து உண்டு. சாதியும் கூலியும் ஒன்றாகப் பார்க்கப்படுகிற தோல் தொழிலில் இது சின்ன விஷயம் இல்லை.

உள்ளே இருப்பவர்களை அடைய, கல்லூரியில் தனக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டு மூத்தவர்களே சரியான ஆட்கள். இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர் சேர்ந்த வழி இன்று மாறியிருக்கும். போன ஆண்டு சேர்ந்தவருக்கு அந்த வேலை எங்கே கொண்டுபோகும் என்று இன்னும் தெரியாது. துறையில் உள்ள பேராசிரியர் அல்லது ஆய்வக உதவியாளரிடம் கேட்டால் இரண்டு மூன்று எண்கள் கிடைக்கும். ஆய்வக உதவியாளரை மறந்துவிடக் கூடாது. பல கல்லூரிகளில் பழைய மாணவர்களோடு அதிகம் பேசுபவர் அவர்தான்.

முதல் செய்தியை இப்படி அனுப்பலாம்: 'வணக்கம் அக்கா. நான் நம்ம காலேஜ்ல பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடிச்சிருக்கேன். லேப்ல இருக்கிற அண்ணன் உங்க நம்பர் கொடுத்தார். வேலை கேட்டு மெசேஜ் பண்ணல அக்கா. லேப் வேலை எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கணும். ஞாயிற்றுக்கிழமை 15 நிமிஷம் பேச முடியுமா? எந்த நேரம் சொன்னாலும் கூப்பிடறேன்.'

'வேலை கேட்டு இல்லை' என்ற வரி முக்கியமானது. 'வேலை இருந்தா சொல்லுங்கக்கா' என்று கேட்டால், எதிரில் இருப்பவர் 'சரிம்மா, சொல்றேன்' என்று முடித்துவிடுவார். அவர் கையில் வேலை இல்லை, அதனால் பேச்சும் இல்லை. அவருடைய வேலையைப் பற்றிக் கேட்டால் அவரால் பதில் சொல்ல முடியும். பலர் மகிழ்ச்சியோடு சொல்வார்கள், அவர்களிடம் அதை யாரும் கேட்டதே இல்லை.

கேள்விகள் ஐந்து போதும். நேற்று உள்ளே போனது முதல் வெளியே வந்தது வரை என்ன செய்தீர்கள்? உங்களோடு சேர்ந்தவர்கள் எந்த வழியில் வந்தார்கள்? பட்டப்படிப்பில் சொல்லித்தராத எதை அங்கே போய்க் கற்க வேண்டியிருந்தது? உங்கள் இடத்தில் ஐந்து ஆண்டு இருப்பவர் என்ன பதவியில், என்ன சம்பளத்தில் இருக்கிறார்? வேலையை விட்டுப் போனவர்கள் எதனால் போனார்கள்? கடைசியாக, இதே போல நான் பேசக்கூடிய இரண்டு பேரின் எண் தருவீர்களா என்று கேட்க வேண்டும். இரண்டு பேரில் தொடங்கினால் ஒரு மாதத்தில் ஏழெட்டுப் பேராகிவிடும்.

பதில்கள் எப்படி இருக்கும் என்று பார்ப்போம். ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கம் தோல் கம்பெனிகளுக்காக இயங்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் லேபில் இருப்பவர், பி.எச்., கரைந்த உப்பு, குரோமியம் ஆகியவற்றைத் தினமும் அளப்பதாகச் சொல்வார். சி.ஓ.டி. சோதனைக்கு மாதிரியை டைக்குரோமேட்டோடு சேர்த்து இரண்டு மணி நேரம் சூடாக்க வேண்டும். பி.ஓ.டி. பார்க்கப் பாட்டிலை 27 டிகிரியில் மூன்று நாள் வைத்திருக்க வேண்டும். இவை கல்லூரியில் கற்ற பகுமுறை வேதியியலுக்கு நெருக்கமானவை. மருந்துக் கம்பெனியின் தரக் கட்டுப்பாட்டில் இருப்பவர் வேறு ஒன்றைச் சொல்வார். அங்கே எச்.பி.எல்.சி. கருவி தெரியுமா என்பதுதான் முதல் கேள்வி. நம் கல்லூரிகள் பலவற்றில் மாணவர்கள் அதைத் தொட்டுப் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு அளவையும் உடனுக்குடன் பதிவேட்டில் எழுத வேண்டும், பிறகு சேர்த்து எழுதினால் வேலை போய்விடும் என்பார். சம்பளம் உயரும் வேகம் அங்கே கூடுதல், ஷிப்டும் கூடுதல்.

ஆறேழு பேரோடு பேசியதும் ஒரே செய்தி திரும்பத் திரும்ப வரும். மூன்று பேர் எச்.பி.எல்.சி. என்று சொல்லிவிட்டால், பட்டத்துக்கும் வேலைக்கும் நடுவில் இருக்கும் பள்ளம் எது என்று தெரிந்துவிட்டது. இனி விசாரிப்பை நிறுத்திவிட்டு, அந்தப் பள்ளத்தைத் தாண்ட ஓர் இடம் தேட வேண்டும்.

அந்த மூன்றாவது கட்டத்துக்கு நம் கையில் உள்ள நல்ல வழி அப்ரண்டிஸ், அதாவது தொழிற்பழகுநர் பயிற்சி. இது ஐ.டி.ஐ., டிப்ளமோ பிள்ளைகளுக்கு மட்டும் என்று பலர் இன்னும் நினைக்கிறார்கள். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் 2014-இல் திருத்தப்பட்டபோது, பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். பட்டதாரிகளுக்கும் கதவு திறந்தது. தமிழ்நாட்டில் பட்டதாரிகளுக்கான பயிற்சியைச் சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் கவனிக்கிறது. nats.education.gov.in என்ற தளத்தில் இலவசமாகப் பதிவு செய்யலாம். நெய்வேலி என்.எல்.சி., அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் போன்றவை இதன் மூலம் பட்டதாரிகளை எடுக்கின்றன. பல அறிவிப்புகளில் தேர்வு பட்ட மதிப்பெண்ணை வைத்தே நடக்கிறது. சிபாரிசு இல்லாதவருக்கு அது பெரிய வசதி. தனியார் நிறுவனங்களும் இதே தளத்தில் ஆள் தேடுகின்றன.

பயிற்சி பொதுவாக ஓர் ஆண்டு. பட்டதாரிக்கு மாத உதவித்தொகை 9,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2019-இல் விதி வந்தது. அதில் பாதியை, அதாவது 4,500 ரூபாயை, மத்திய அரசு ஏற்கும். கணக்கைப் போட்டுப் பார்த்தே இறங்க வேண்டும். சாப்பாட்டோடு விடுதிக்கு 5,000, பஸ்ஸுக்கு 1,000 என்றால் மிஞ்சுவது 3,000. அந்த ஓராண்டில் வீட்டுக்குப் பெரிதாகப் பணம் வராது என்பதை அம்மா அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் போனால் நான்காவது மாதத்தில் 'துணிக்கடைக்குப் போனாலே கூடக் கிடைக்குமே' என்ற பேச்சு வரும். பயிற்சி பாதியில் நிற்கும்.

பாதியில் நிற்பது ஏன் பெரிய இழப்பு என்றால், இந்தச் சீட்டை ஒருமுறைதான் கிழிக்கலாம். ஏற்கெனவே இந்தச் சட்டத்தின் கீழ் பயிற்சி பெற்றவரையும், பட்டத்துக்குப் பிறகு ஓர் ஆண்டோ அதற்கு மேலோ வேலை அனுபவம் உள்ளவரையும் அறிவிப்புகள் சேர்ப்பதில்லை. பட்டம் முடித்து ஐந்து ஆண்டைத் தாண்டினாலும் வாய்ப்பு போய்விடும். அதனால் முதலில் கூப்பிட்ட இடத்துக்கு ஓடாமல், விசாரிப்பை முன்னால் முடித்துவிடச் சொல்கிறோம். நம் பெண் சேர்வதற்கு முன் நிறுவனத்திடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: 'எந்தப் பிரிவில் என்னை வைப்பீர்கள், எந்தக் கருவியில் நானே வேலை செய்யலாம்?' பதில் தெளிவாக வந்தால் நல்ல இடம். 'எல்லாப் பிரிவும்தான்' என்றால் பேக்கிங்கிலோ டேட்டா என்ட்ரியிலோ ஆண்டு ஓடிவிடலாம். சேர்ந்த பிறகும் ஒரு சோதனை உண்டு. இரண்டாவது மாத முடிவில், தான் சொந்தக் கையால் செய்த சோதனைகள் ஒரு பக்கமாவது நோட்டில் இருக்க வேண்டும். இல்லை என்றால் பயிற்சிப் பொறுப்பாளரிடம் எழுதிக் கேட்க வேண்டும். அதற்கும் பலன் இல்லாவிட்டால் வாரியத்துக்கு எழுதலாம்.

பயிற்சி முடிந்ததும் அதே நிறுவனம் வேலை தரும் என்ற உறுதி சட்டத்தில் இல்லை. கிடைப்பது வாரியத்தின் சான்றிதழும், அந்தக் கருவியில் ஓராண்டுக் கைப்பழக்கமும், லேபுக்குள் இருக்கும் பத்துப் பேரின் எண்களும். உள்ளே போகும்போது இல்லாத தொடர்பு வெளியே வரும்போது இருக்கும்.

அப்ரண்டிஸ் என்ற பெயரில் ஏமாற்றும் நடக்கிறது. உண்மையான பயிற்சி என்றால் தளத்தில் நம் பெயரில் ஒப்பந்தம் உருவாகி, நாமும் அதை ஏற்க வேண்டும். உதவித்தொகை வங்கிக் கணக்குக்கு வரும். 'ஒப்பந்தம் அப்புறம் போடலாம்' என்பது, பயிற்சிக் கட்டணமோ டெபாசிட்டோ கேட்பது, அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வது ஆகிய மூன்றில் ஒன்று நடந்தாலும் அந்த இடத்தை விட்டு வந்துவிட வேண்டும். குறிப்பாக அசல் சாதிச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். கையை விட்டுப் போனால், வேறு வேலைக்கு விண்ணப்பிக்கும் வழியும் அடைபடும்.

நேர்முகத்தில் 'அப்பா என்ன செய்கிறார்?' என்ற கேள்வி வரும். அது சாதாரணக் கேள்வியாகத் தெரியலாம். அஸ்வினி தேஷ்பாண்டே, கேத்தரின் நியூமன் இருவரும் டெல்லிப் பல்கலைக்கழகங்களில் ஒரே படிப்பு முடித்த தலித் மாணவர்களையும் மற்ற மாணவர்களையும் தொடர்ந்து ஆராய்ந்து, 2007-இல் எக்கனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி இதழில் எழுதினார்கள். குடும்பப் பின்னணி பற்றிய இந்தக் கேள்வி தலித் மாணவர்களை எப்படி வெளியே நிறுத்துகிறது என்பதை அதில் காட்டினார்கள். கேள்வி கேட்பவர் மாற வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு. அது மாறும் வரை பதில் தயாராக இருக்கட்டும். நம் பெண் இப்படிச் சொல்லலாம்: 'தோல் கம்பெனியில் வேலை செய்கிறார் சார். அந்தக் கழிவுநீரைப் பார்த்தே வளர்ந்தேன். அதில் குரோமியம் எவ்வளவு என்று அளக்கப் படித்தேன்.' மறைக்கவும் இல்லை, விளக்கவும் இல்லை. மூன்றே வரியில் பேச்சு வேலைக்குத் திரும்பிவிடுகிறது.

இதில் ஒரு பகுதி, ஏற்கெனவே வேலையில் இருக்கும் நம்மவர்கள் செய்ய வேண்டியது. நம் ஊர்களில் அம்பேத்கர் பெயரில் படிப்பகங்கள் இருக்கின்றன. அதன் சுவரில் ஒரு தாளை ஒட்டலாம். ஊரிலிருந்து வேலைக்குப் போனவரின் பெயர், என்ன வேலை, எந்த வழியில் சேர்ந்தார், எந்தக் கிழமை எத்தனை மணிக்குக் கூப்பிடலாம் என்று நான்கு கட்டம் போதும். அவரவர் சம்மதத்தோடு, ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். செவிலியர், லைன்மேன், லேப் டெக்னீஷியன், வங்கி எழுத்தர் என்று பத்து வரி சேர்ந்தால், அடுத்த ஆண்டு பட்டம் வாங்கும் பிள்ளைக்கு முதல் பத்து எண்கள் அங்கேயே கிடைத்துவிடும்.